வரலாற்று வினாக்களின் சிந்தனைநிலைப் பகுப்பு: உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை முன்வைத்து

வரலாற்றுத் தேர்வுக்கு வினாத்தாள் அமைப்போர், வினாக்களைச் சிந்தனைநிலை அடிப்படையில் வகைப்படுத்திக் காட்டுவது இன்று நடைமுறையாகியுள்ளது. இதற்கு அடிப்படை, பெஞ்சமின் புளூமும் அவர்தம் குழுவினரும் 1956இல் வெளியிட்ட கற்றல் நோக்கங்களின் வகைப்பாடு ஆகும். அறிதல், புரிதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், தொகுத்தல், மதிப்பிடுதல் என ஆறு நிலைகளை அது வரிசைப்படுத்தியது. 2001இல் ஆண்டர்சன், கிராத்வோல் ஆகியோர் செய்த திருத்தத்தில் படைத்தல் இறுதிநிலையாயிற்று. மதிப்பிடுதல் அதற்கு முந்தைய நிலைக்கு வந்தது. வரலாற்றுத் தாளைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு பெரிதன்று. ஒரு வினா எந்த நிலையைச் சார்ந்தது என்பதை எவ்வாறு உறுதிசெய்வது என்பதே சிக்கலான இடமாகும்.

வினாவின் இறுதியில் நிற்கும் வினைச்சொல்லைக் கொண்டு நிலையை முடிவு செய்வது பரவலான வழக்கம். ‘குறிப்பிடுக’ என்றால் அறிதல், ‘விளக்குக’ என்றால் புரிதல், ‘ஆராய்க’ என்றால் பகுத்தாய்தல், ‘மதிப்பிடுக’ என்றால் மதிப்பிடுதல் எனப் பட்டியலிட்டுக்கொள்வர். இவ்வழக்கம் எளிது, ஆயின் நம்பத்தக்கதன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் பற்றிய வினாக்களைக் கொண்டு இதனைத் தெளிவாகக் காணலாம்.

முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) பொறிக்கப்பட்ட இவ்விரு கல்வெட்டுகளும் சதுர்வேதிமங்கலச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிவு செய்யும் முறையைக் கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர் எழுதிய ஓலைகள் குடத்திலிடப்பட்டன. சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். இரண்டாம் கல்வெட்டு, கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரையான வயது, வேதக் கல்வி ஆகியவற்றைத் தகுதிகளாக வைக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் அது விலக்குகிறது.

‘இக்கல்வெட்டுகள் எம்மன்னன் காலத்தவை?’ என்பது அறிதல்நிலை வினா, இதில் ஐயமில்லை. ‘குடவோலை முறையை விளக்குக’ என்பது புரிதல்நிலை வினாவெனப் பட்டியலில் இடம்பெறும். ஆனால் பாடநூலில் அம்முறை ஒரு பக்க அளவில் விளக்கப்பட்டிருப்பின், அப்பக்கத்தை நினைவில் வைத்திருப்பதே விடைக்குப் போதும். ஐந்து மதிப்பெண் தருவதாலும் நீண்ட விடை வேண்டுவதாலும் அவ்வினா மேல்நிலைக்கு உயர்ந்துவிடாது. ‘பொன் வாரியத்தின் உறுப்பினர் எத்தனை பேர்?’ என்ற வினாவுக்குப் பலர் விடையளிக்க இயலாது போகலாம். எனினும் அது அறிதல்நிலையே. கடினம் வேறு, சிந்தனைநிலை வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் தவறு வினாத்தாள்களில் அடிக்கடி நேர்கிறது.

‘குடவோலை முறை மக்களாட்சி முறையே என்னும் கூற்றை மதிப்பிடுக’ என்ற வினாவும் இவ்வாறே. வகுப்பில் ஆசிரியர் ஆதரவாக நான்கு கருத்துகளையும் எதிராக நான்கு கருத்துகளையும் எழுதச் செய்திருந்தால், மாணவர் மதிப்பிடுவதில்லை. எட்டுக் கருத்துகளை நினைவுகூர்கிறார். மாணவரின் முன்கல்வியை அறிந்தோ கருதிக்கொண்டோ அன்றி ஒரு வினாவை வகைப்படுத்த இயலாது என்பதைப் புளூம் குழுவினரே தம் நூலில் உணர்த்தியுள்ளனர். நிலை என்பது வினாவில் மட்டும் இல்லை. வினாவுக்கும் கற்பிக்கப்பட்டதற்கும் இடையே உள்ளது.

ஆகவே வினைச்சொல்லை விடுத்து விடைக்குறிப்பை நோக்குவதே தக்க வழி. விடைக்குறிப்பு பாடநூலின் வரிசையிலேயே ஒரே பட்டியலாக அமையுமானால், வினா எத்தகைய சொல்லால் முடிந்தாலும் அது அறிதல்நிலையே. மாணவர் முன்பு காணாத ஒரு சான்றிலிருந்து முடிவு பெறவேண்டியிருப்பின் அது பகுத்தாய்தல். எடுத்துக்காட்டாக, கணக்குக் காட்டாதவரின் உறவினரையும் விலக்கும் பகுதியைத் தாளிலேயே தந்து, ‘இவ்விதி தோன்றுவதற்கு முன் சபையில் என்ன நிகழ்ந்திருக்கக்கூடும்? இவ்விதி பின்பற்றப்பட்டது என்பதற்கு இப்பகுதியே சான்றாகுமா?’ என வினவலாம். விதி முந்தைய முறைகேட்டைச் சுட்டக்கூடும் என்பதும், விதி இருப்பதால் நடைமுறை இருந்ததென முடிவு செய்ய இயலாது என்பதும் மாணவர் தாமே எட்டவேண்டிய முடிவுகள்.

மதிப்பிடுதலுக்கு அளவுகோல் வேண்டும். மேற்கண்ட மக்களாட்சி வினாவையே, ‘பங்கேற்கும் உரிமை, பொறுப்புக்கூறல் ஆகிய இரு அளவுகோல்களுள் எது இச்சபையை மதிப்பிட மிகப் பொருத்தமானது? தரப்பட்ட தகுதிவிதிகளைக் கொண்டு நிறுவுக’ என மாற்றினால் மனப்பாடத்துக்கு இடம் குறைகிறது. நிலவுடைமையும் வேதக் கல்வியும் எவரை வெளியே நிறுத்தின என்பதையும், இது ஒரு பிரமதேய ஊரின் சபை. பிற ஊர்களுக்கு இதனைப் பொதுமைப்படுத்தலாகாது என்பதையும் நல்ல விடை கருத்திற்கொள்ளும். மதிப்பெண் முடிவுக்கன்று, அளவுகோலுக்கும் சான்றுக்குமே. மக்களாட்சி என்றவரும் அன்று என்றவரும் முழு மதிப்பெண் பெற இயலாத விடைக்குறிப்பு மதிப்பிடுதல்நிலைக்கு உரியதன்று.

வினாக்கள் சரிவர வகைப்படுத்தப்பட்ட பின்னும் தாள் சமநிலை இழக்கக்கூடும். அதற்குக் காரணம் தெரிவுரிமை. 75 மதிப்பெண் தாள் ஒன்றைக் கொள்வோம். முதற்பகுதியில் இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்து, அனைத்தும் அறிதல்நிலை. இரண்டாம் பகுதியில் ஐந்து மதிப்பெண் வினாக்கள் ‘இது அல்லது அது’ என்ற முறையில் ஐந்து இணைகள். ஒவ்வோர் இணையிலும் ஒன்று விவரிப்பு, மற்றொன்று பகுத்தாய்வு. மூன்றாம் பகுதியில் பத்து மதிப்பெண் வினாக்கள் ஐந்தனுள் மூன்றுக்கு விடை. அவற்றுள் மூன்று விவரிப்பு, இரண்டு மதிப்பீடு. அச்சிடப்பட்ட மதிப்பெண்கள் 120. அவற்றுள் பகுத்தாய்தலுக்கும் மதிப்பிடுதலுக்கும் உரியவை 45. அதாவது 37.5 விழுக்காடு. திட்ட வரைவில் இத்தாள் சமநிலையுடையதாகவே தோன்றும். ஆனால் விவரிப்பு வினாக்களையே தெரிந்தெடுக்கும் மாணவர், மேல்நிலை வினா ஒன்றையும் தொடாமல் 75 மதிப்பெண்ணும் பெறலாம். மேல்நிலை வினாக்களை மட்டுமே நாடும் மற்றொருவருக்கு அதே தாளில் 45 மதிப்பெண், அதாவது 60 விழுக்காடு, அந்நிலைகளில் அமைகிறது. இருவரும் ஒரே தேர்வை எழுதினர் என்று கூறுவது கடினம்.

எனவே கணக்கிட வேண்டியது அச்சிட்ட வினாக்களின் விழுக்காடன்று. மாணவர் எவ்வழியில் சென்றாலும் தவிர்க்க இயலாத மேல்நிலை மதிப்பெண்ணே. இணைவினாக்களின் இருபுறமும் ஒரே நிலையில் அமையவேண்டும். ஐந்தனுள் மூன்று என்ற பகுதியில் விவரிப்பு வினாக்கள் இரண்டுக்கு மேல் இருத்தலாகாது. அப்போதுதான் ஒரு மதிப்பீட்டு வினாவையேனும் ஒவ்வொருவரும் எழுதியாக வேண்டும். இரண்டாம் பகுதியில் இரண்டு இணைகளை முழுதும் பகுத்தாய்வாக்கி, மூன்றாம் பகுதியை இவ்வாறு திருத்தினால், குறைந்தது 20 மதிப்பெண் அனைவருக்கும் உறுதியாகும். இது 75இல் கால்பங்குக்குச் சற்று மேல். விழுக்காடு குறைவாகத் தோன்றினும் முந்தைய 37.5ஐவிட இது உண்மையானது.

வகைப்பாட்டை ஒருவரே செய்வதும் போதாது. பாடத்தைக் கற்பித்த ஒருவரும் கற்பிக்காத ஒருவரும் தனித்தனியே நிலைகுறித்து, வேறுபட்ட வினாக்களை மட்டும் விவாதித்தல் நலம். கற்பித்தவர் அறிதல் எனக் குறித்ததை மற்றவர் பகுத்தாய்தல் எனக் குறித்திருப்பின், பெரும்பாலும் முன்னவர் குறிப்பே சரியாக இருக்கும். அவ்விடை வகுப்பில் சொல்லப்பட்டதை அவரே அறிவார். தேர்வுக்குப் பின்னும் ஒரு சோதனை உண்டு. மதிப்பிடுதல் எனக் குறிக்கப்பட்ட வினாவுக்கு வந்த விடைகளில் இருபதை எடுத்து அடுத்தடுத்து வைத்துப் படிக்கலாம். ஒரே கருத்துகள், ஒரே வரிசை, ஒரே தொடர்கள் எனத் தென்பட்டால், திட்ட வரைவில் எந்நிலை எழுதப்பட்டிருந்தாலும் அடுத்த தாளுக்கு அவ்வினாவை அறிதல் கட்டத்துக்கு மாற்றி எழுதவேண்டும்.