89 மில்லிமீட்டருக்குள் ஒரு வரைபடம்

ஆய்விதழுக்கு அனுப்பும் படத்தில் முதலில் முடிவு செய்ய வேண்டியது அதன் அச்சு அகலம். ‘நேச்சர்’ இதழில் ஒற்றைப் பத்தியின் அகலம் 89 மி.மீ., அதாவது மூன்றரை அங்குலம். வேறு பல இதழ்களிலும் ஏறக்குறைய இதே அளவுதான். கணினித் திரையில் பெரிதாக வரைந்து பின்னர் சுருக்கும் பழக்கத்தால்தான் பாதிச் சிக்கல்கள் வருகின்றன.

மருந்து பெற்றவர்கள், பெறாதவர்கள் என இரு குழுக்களின் இரத்த அழுத்தத்தை இரண்டு கோடுகளாகக் காட்டும் ஒரு வரைபடத்தை எடுத்துக்கொள்ளலாம். மேட்பிளாட்லிப் மென்பொருள், எதையும் மாற்றாமல் விட்டால், 6.4 அங்குல அகலத்தில் 640 பிக்சல் படத்தைத் தரும். அது மூன்றரை அங்குலத்தில் அச்சாகும்போது அங்குலத்துக்கு 183 பிக்சல்தான் கிடைக்கும். புகைப்படத்துக்கே இதழ்கள் 300 கேட்கின்றன. கோட்டுப் படத்துக்கு அதைவிடக் கூடுதலாகவே கேட்கும். 10 புள்ளி எழுத்தும் ஐந்தரைப் புள்ளியாகச் சுருங்கிவிடும். படத்தை மென்பொருளில் இழுத்து 1050 பிக்சலாக்கினால் எண்ணிக்கை சரியாகும், ஆனால் விளிம்புகள் மங்கலாகவே இருக்கும். இல்லாத விவரத்தை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. தொடக்கத்திலேயே அச்சளவில் வரைந்து, வெக்டர் கோப்பாகச் சேமிப்பதே வழி:

```python
import matplotlib.pyplot as plt
plt.rcParams["font.size"] = 7
fig, ax = plt.subplots(figsize=(3.5, 2.6))
# இங்கே கோடுகளை வரையவும்
fig.savefig("fig1.pdf")
```

வெக்டர் கோப்பில் கோடுகள் பிக்சல்களாக அல்லாமல் வடிவங்களாகவே பதிவாவதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் கலங்காது. நுண்ணோக்கிப் படம் போன்றவற்றுக்கு இது பொருந்தாது. அவற்றை டிஃப் வடிவில் சேமிக்கலாம். ஜேபெக் கோப்பை மீண்டும் மீண்டும் திறந்து சேமித்தால் தரம் தேயும்.

அடுத்தது நிறம். வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கடினம். மசடாகா ஒகாபே, கெய் இடோ என்ற இரு ஜப்பானிய அறிவியலாளர்கள் தொகுத்த எட்டு நிறங்கள் இதற்காகவே பரவலாகப் பயன்படுகின்றன. ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. அத்தொகுப்பின் ஆரஞ்சும் (`#E69F00`) வான்நீலமும் (`#56B4E9`) கறுப்பு வெள்ளையில் அச்சானால் ஏறக்குறைய ஒரே சாம்பல்தான். வான்நீலத்துக்குப் பதில் அடர்நீலத்தை (`#0072B2`) வைத்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். கோடுகளில் ஒன்றை விட்டுவிட்டு வரைந்தால் நிறமே தெரியாதவரும் படத்தைப் படிக்கலாம்.

படவிளக்கத்தில்தான் கவனம் அதிகம் தளர்கிறது. படத்துக்குள் ‘கண்ட்ரோல்’, விளக்கத்தில் ‘மருந்து பெறாதவர்கள்’, கட்டுரையில் ‘ஒப்பீட்டுக் குழு’ என்று எழுதினால் மூன்று குழுக்கள் இருப்பதாகவே மதிப்பாய்வாளர் எண்ணுவார். மூன்று இடத்திலும் ஒரே சொல் வேண்டும். பிழைக்கோடுகள் எதைக் குறிக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். 25 பேர் கொண்ட குழுவில் திட்டப் பிழை, திட்ட விலக்கத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். எது என்று சொல்லாவிட்டால் சிதறலான தரவும் நெருக்கமானதாகத் தோன்றும். எத்தனை பேர், எந்த அளவை என்ற இரண்டையும் ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரே வாசகத்தில் திரும்ப எழுத வேண்டும். ‘முதல் படத்தில் உள்ளபடி’ என்று விட்டால், நான்காம் படத்தை மட்டும் எடுத்துப் பார்ப்பவருக்கு அது எட்டாது.