திட்ட விலக்கமும் திட்டப் பிழையும்: கோசெட்டின் அட்டைகள்வழி ஒரு விளக்கம்

முன்னுரை

ஆய்வு முடிவுகளில் சராசரியை அடுத்து ± குறியிட்டு ஓர் எண்ணைத் தருவது வழக்கம். அவ்வெண் திட்ட விலக்கமா, திட்டப் பிழையா என்று குறிப்பிடாதவிடத்து முடிவின் பொருளே மாறிவிடும். இவ்விரண்டின் வேறுபாட்டையும், கூறின் அளவு பெருகப் பெருகத் திட்டப் பிழை குறைவதன் காரணத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இருவகை வேறுபாடுகள்

டப்ளின் நகரின் கின்னஸ் நிறுவனத்தில் பணியாற்றிய வில்லியம் சீலி கோசெட், ‘ஸ்டூடண்ட்’ என்னும் புனைபெயரில் 1908ஆம் ஆண்டு பயோமெட்ரிகா இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். சிறு கூறுகளின் இயல்பைச் சோதிக்க, 3000 குற்றவாளிகளின் உயரம் முதலான அளவுகளை அட்டைகளில் எழுதிக் கலைத்து, நான்கு நான்காக எடுத்து 750 கூறுகளை அமைத்தார்.

அவ்வுயரங்களின் சராசரி ஏறத்தாழ 65.5 அங்குலம், திட்ட விலக்கம் ஏறத்தாழ 2.5 அங்குலம். ஆளுக்கு ஆள் உயரம் எவ்வளவு வேறுபடுகிறது என்பதைத் திட்ட விலக்கம் காட்டுகிறது. நான்கு பேர் கொண்ட ஒவ்வொரு கூறுக்கும் தனித்தனிச் சராசரி உண்டு. அச்சராசரிகளும் தமக்குள் வேறுபடும். அவ்வேறுபாட்டை அளக்கும் திட்ட விலக்கமே சராசரியின் திட்டப் பிழை எனப்படுகிறது.

திட்டப் பிழை குறைவதன் காரணம்

ஒரு கூறில் நெட்டையர் ஒருவர் இடம்பெற்றால், மற்ற மூவரும் நெட்டையராகவே அமைவது அரிது. மிகையும் குறையும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. இதனைக் கணக்கால் காட்டலாம். ஒருவர் உயரத்தின் பரவற்படி 2.5² = 6.25. ஒன்றையொன்று சாராத அளவுகளைக் கூட்டும்போது பரவற்படிகளும் கூடுவதால், நால்வர் உயரக் கூட்டுத்தொகையின் பரவற்படி 25. சராசரி காண 4ஆல் வகுக்கும்போது பரவற்படி 4² = 16ஆல் வகுபட்டு 1.5625 ஆகிறது. அதன் வர்க்கமூலம் 1.25 அங்குலம். பொதுவாக,

SE = σ / √n

நூறு பேரை எடுத்தால் திட்டப் பிழை 0.25 அங்குலமாகச் சுருங்கும். அதனைப் பாதியாக்கக் கூறினை நான்கு மடங்காக்க வேண்டும். ஆனால் திட்ட விலக்கம் சுருங்காது. கூறு பெருகினும் அது 2.5 அங்குலத்தையே நெருங்கி நிற்கும்.

பிழையான பயன்பாடு

நூறு பேர் உயரத்தை 65.5 ± 0.25 என மட்டும் குறிப்பிட்டால், பெரும்பாலோர் 65 முதல் 66 அங்குலத்திற்குள் அடங்குவர் எனப் படிப்போர் மயங்கக்கூடும். அவ்வெண்ணை √100 ஆல் பெருக்கினால் 2.5 கிடைக்கும். மனித உயரத்திற்கு இயல்பான பரவல் அதுவே என்பதால், தரப்பட்டது திட்டப் பிழை என அறியலாம்.

மேலும், நால்வரை ஆளுக்கு 25 முறை அளந்து n = 100 எனக் கொள்வது தவறு. அவ்வளவுகள் ஒன்றையொன்று சார்ந்தவை, அளக்கப்பட்டோர் நால்வரே.

முடிவுரை

தரவின் பரவலை விவரிக்கத் திட்ட விலக்கமும், சராசரி மதிப்பீட்டின் துல்லியத்தைக் குறிக்கத் திட்டப் பிழையும் உரியவை. எதனைத் தரினும் அதன் பெயரையும் n மதிப்பையும் உடன் குறிப்பிடின், மற்றொன்றைப் படிப்போரே கணித்துக்கொள்ள இயலும்.