குமரா முருகா: ஒரு வரியில் சுருதியும் தாளமும்

பாட்டு வகுப்பில் சேரும் குழந்தை முதலில் சரளி வரிசை பாடும். பிறகு ஜண்டை வரிசை, அலங்காரம். இந்த வரிசைமுறையை வகுத்தவர் புரந்தரதாசர் (1484-1564) என்பது கர்நாடக இசை மரபு. மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்கி, ஸ்வரங்களை மட்டும் பாடிப் பழகிய பின்தான் சொற்களோடு கூடிய கீதம் வரும். அதற்குள் மாதங்கள் ஓடிவிடும். ஏழு வயதுக் குழந்தைக்கு இந்த இடைவெளி நீளம். வாய் ஸ்வரத்தைச் சொல்லும், கை தாளம் போடும், ஆனால் இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளாது.

அந்த இடைவெளியை நிரப்பச் சின்னச் சின்ன பக்தி வரிகளையே பயிற்சியாக்கலாம். முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835) மேல்நாட்டு மெட்டுகளுக்குத் தெய்வங்களைப் பற்றிய சமஸ்கிருத வரிகளை அமைத்து நோட்டுஸ்வர சாகித்யங்களைச் செய்தார். கமகம் இல்லாமல் நேராகப் பாட முடிவதால் இன்றும் அவற்றைக் குழந்தைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். ஆனால் அவை முழுப் பாட்டுகள். நமக்கு வேண்டியது அதற்கும் முந்தைய படி, ஒரே ஒரு வரி.

அந்த வரி எப்படி இருக்க வேண்டும்? தமிழ்க் குழந்தைக்குக் குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை என்ற கணக்கு பள்ளிக்கூடத்திலேயே வந்துவிடுகிறது. பாட்டிலும் முதல் கணக்கு அதுதான். 'குமரா' என்றால் ஒன்று, ஒன்று, இரண்டு, ஆக நான்கு. 'முருகா'வும் நான்கு. 'வேலா' இரண்டும் இரண்டும் நான்கு. 'வா' இரண்டு. இவற்றைக் கோத்தால் 'குமரா முருகா வேலா வா' என்று ஒரு வரி கிடைக்கிறது. கடைசி 'வா'வை இன்னும் இரண்டு மாத்திரை நீட்டினால் மொத்தம் பதினாறு. ஓர் அட்சரத்துக்கு இரண்டு மாத்திரை வைத்தால், எட்டு அட்சர ஆதி தாளத்தில் சரியாக ஓர் ஆவர்த்தனம்.

சொற்கள் முடியும் இடத்தையும் கவனியுங்கள். ஆதி தாளத்தில் முதல் நான்கு அட்சரம் லகு: ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை. பிறகு தட்டும் வீச்சுமாக இரண்டு திருதம். 'குமரா முருகா' லகுவுக்குள் முடிகிறது, 'வேலா' முதல் திருதத்தில், 'வா' இரண்டாவதில். சொல்லும் தாள அங்கமும் சேர்ந்தே முடிவதால், தாளத்தில் எங்கே இருக்கிறோம் என்பதைச் சொல்லே குழந்தைக்குக் காட்டிவிடுகிறது. 'கந்தா' போல நடுவில் மெய்யெழுத்து வரும் சொற்களை முதல் வரியில் வைக்காமல் இருப்பது நல்லது. 'கந்' குறிலாகத் தொடங்கினாலும் பாடும்போது இரண்டு மாத்திரை பிடிக்கும். குழந்தை இப்போதுதான் கற்ற கணக்கு அங்கே குழம்பும்.

இனி படிகள். ஒரு படிக்கு ஒரு புதுச் சிக்கல் மட்டுமே வரலாம் என்பதுதான் விதி.

முதல் படியில் ஸ்வரமே கிடையாது. கையில் தாளம் போட்டபடி வரியைப் பேசச் சொல்லுங்கள். இரண்டாவது படியில் சுருதிப் பெட்டியை வைத்து வரி முழுவதையும் ஆதார ஸட்ஜத்திலேயே பாடவேண்டும். மூன்றாவதில் இரண்டே ஸ்வரம்: 'குமரா முருகா' ஸட்ஜத்தில், 'வேலா' பஞ்சமத்தில், 'வா' மறுபடி ஸட்ஜத்தில். ஸ, ப இரண்டும் தம்புராவில் ஏற்கெனவே ஒலிக்கின்றன. குழந்தை அவற்றைத் தேட வேண்டியதில்லை, போய்ச் சேர்ந்தால் போதும்.

நான்காவது படியில்தான் ஏறி இறங்குவது. தமிழில் ஸ்வரம் எழுதும்போதும் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, அரைப்புள்ளிக்கு இரண்டு:

கு ம ரா மு ரு கா | வே லா | வா; ||
ஸ ஸ ரீ க க மா | பா மா | பா; ||
ப ப மா க க ரீ | ஸா ரீ | ஸா; ||

முதல் முறை பஞ்சமத்தில் நிற்கும், இரண்டாம் முறை ஸட்ஜத்துக்கு வந்து சேரும். மொத்தம் ஐந்து ஸ்வரம்தான், தாவல் எங்கும் இல்லை. மாயாமாளவகௌளையில் ரிஷபம் ஸட்ஜத்துக்கு மிக அருகிலும், காந்தாரம் அதைவிட்டு வெகு தூரத்திலும் இருக்கிறது. பெரும்பாலான தடுமாற்றம் இங்கேதான். குழந்தை ரியைக் கொஞ்சம் உயர்த்திப் பாடிவிடும், க கொஞ்சம் தாழ்ந்து நிற்கும், இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய தூரம் சுருங்கிப்போகும். இதைக் கண்டுபிடிக்க 'ரா'விலும், அடுத்து வரும் 'மு'விலும் நிறுத்தித் தம்புராவோடு கேட்கச் சொல்லுங்கள். நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவின் ஸட்ஜத் தந்தியிலிருந்தே அந்தர காந்தாரம் மெல்லியதாக எழும். குழந்தையின் க அதோடு சேர்ந்தால் ஒலி கலந்துவிடும், சேராவிட்டால் உரசும். முதலில் காந்தாரத்தை நிலைநிறுத்திவிட்டு, அங்கிருந்து இறங்கி ரியைப் பிடிக்கவைப்பது எளிது.

தாளத்தில் தவறு நடக்கும் இடம் வேறு. நீண்டு நிற்கும் 'வா'வை முழுதாகப் பிடிக்காமல், கடைசி வீச்சை விழுங்கிவிட்டுக் குழந்தை அடுத்த 'குமரா'வைத் தொடங்கிவிடும். அப்போது வரியைத் திரும்பத் திரும்பப் பாடவைத்துப் பயனில்லை. 'வா' வந்ததும் நீங்கள் வாயை மூடிக்கொண்டு குழந்தையின் கையைப் பாருங்கள். வீச்சு விழுந்த பிறகு தட்டு வருகிறதா என்பதுதான் சோதனை.

ஐந்தாவது படி இரண்டாம் காலம். கையின் வேகம் மாறாது. அதே ஆவர்த்தனத்துக்குள் வரி இரண்டு முறை வந்துவிட வேண்டும். குரல் விரையும்போது கையும் கூட விரைந்தால், குழந்தை இன்னும் முதல் காலத்தில்தான் இருக்கிறது என்று பொருள். ஒரு படி பின்னே போங்கள்.

ஆறாவது படியில் வரியே மாறும். 'வேலவா' என்றால் இரண்டு, ஒன்று, இரண்டு, ஆக ஐந்து. கண்டசாபு தாளத்தின் 'தக தகிட' அப்படியே அதற்குள் இருக்கிறது. 'குகா குமரா' மூன்றும் நான்கும் ஏழு, அதாவது மிஸ்ரசாபுவின் 'தகிட தகதிமி'. சொற்கட்டைத் தனியாக மனப்பாடம் செய்யாமலேயே ஐந்தும் ஏழும் நாவில் வந்து நிற்கும். மெட்டு மட்டும் பழையதாகவே, அதே ஐந்து ஸ்வரங்களுக்குள் இருக்கட்டும். தாளம் புதிதாக வரும்போது ஸ்வரமும் புதிதாக வரக்கூடாது.

இந்த முறைக்கு ஓர் ஆபத்தும் உண்டு. சொல் இருப்பதால் குழந்தை மெட்டை மொத்தமாக மனத்தில் பதித்துவிடும். பாட்டு சரியாக வரும், ஆனால் எந்த இடத்தில் எந்த ஸ்வரம் என்று அதற்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு படியையும் மூன்று விதமாகப் பாடவைக்க வேண்டும்: ஸ்வரப் பெயரோடு, சொற்களோடு, பிறகு அகாரமாக. மூன்றிலும் சுருதி அசையாமல் இருந்தால்தான் அடுத்த படி. இதே காரணத்துக்காக, வீட்டில் ஏற்கெனவே வேறு மெட்டில் பாடிக் கேட்ட பஜனை வரியை எடுக்காதீர்கள். பழைய மெட்டு குறுக்கே வரும்.

வரி எதுவானாலும் குழந்தையின் சுருதிக்குள் இருக்க வேண்டும். பஞ்சமத்தில் 'வா' என்று நிற்கும்போது கழுத்து விறைத்தாலோ குரல் கத்தலாக மாறினாலோ சுருதியை அரைக் கட்டை குறையுங்கள்.

இவை சரளி வரிசைக்கு மாற்று அல்ல. ஐந்து ஸ்வரத்துக்கு மேலே உள்ள தைவதமும் நிஷாதமும், ஜண்டையில் இரண்டாம் ஸ்வரத்துக்குக் கொடுக்கும் அழுத்தமும் அங்கேதான் வரவேண்டும். ஆனால் இந்த ஆறு படிகளைத் தாண்டிய குழந்தைக்கு மலஹரி ராகத்தில் முதல் கீதம் தொடங்கும்போது பாதி வேலை முடிந்திருக்கும். மலஹரி மாயாமாளவகௌளையில் பிறந்த ராகம்தான், அதே ரி, அதே க. ஏறும்போது காந்தாரம் வராது, இறங்கும்போது மட்டும் வரும். அங்கே குழந்தை புதிதாகக் கற்க வேண்டியவற்றில் அந்தத் தாவலும் ஒன்று.