உச்சியில் பந்து நிற்கிறதா?

ஒரு பந்தை நேராக மேலே எறிகிறீர்கள். அது ஏறி, உச்சியைத் தொட்டு, இறங்குகிறது. உச்சியில் இருக்கும் அந்த நொடியில் பந்தின்மேல் எவ்வளவு விசை?

"சுழி" என்றுதான் பலரும் சொல்வார்கள். கை கொடுத்த விசை பந்தை மேலே தள்ளிக்கொண்டே போகிறது, அது கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்து, உச்சியில் புவியீர்ப்போடு சமமாகிவிடுகிறது என்பது அவர்கள் கணக்கு. நீங்களும் அப்படி நினைத்தால் வெட்கப்பட வேண்டாம். கலிலியோவே 1590 வாக்கில், இளம் வயதில், ஏறக்குறைய இப்படித்தான் எழுதி வைத்தார்!

ஆனால் அது தவறு. கையை விட்டு நீங்கியதுமே கையின் விசை முடிந்துவிட்டது. கை கொடுத்து அனுப்பியது வேகத்தை மட்டும்தான். அதன்பின் பந்தின்மேல் இருப்பது ஒரே விசை, கீழ்நோக்கிய புவியீர்ப்பு. (காற்றின் தடை இந்தப் பந்துக்கு மிகச் சிறியது, அதை விட்டுவிடுவோம்.) ஏறும்போதும் உச்சியிலும் இறங்கும்போதும் அது மாறுவதே இல்லை.

புவியீர்ப்பு ஒவ்வொரு நொடியும் வேகத்தை நொடிக்குச் சுமார் 10 மீட்டர் மாற்றும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் எறிந்த பந்து அரை நொடியில் 5 ஆகக் குறையும், ஒரு நொடியில் சுழியாகும். அப்போது அது 5 மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கே சுழியானது வேகம்தான், விசை அல்ல. விசையும் சுழியானால் பந்து ஏன் இறங்க வேண்டும்? அங்கேயே தொங்கிக்கொண்டிருக்குமே!

பிறகு ஏன் நின்றதுபோலத் தோன்றுகிறது? பந்து ஏறி இறங்க மொத்தம் 2 நொடி. அதில் சரிபாதி, அதாவது ஒரு நொடி, உச்சிக்குக் கீழே வெறும் 1.25 மீட்டருக்குள்ளேயே கழிகிறது. நம் கண் ஏமாறுவது அங்கேதான்.

நம்பிக்கை வரவில்லையா? ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கத்தில் சிறு துளை போட்டு, நீர் நிரப்பி, மூடியைத் திறந்து வையுங்கள். கையில் இருக்கும்போது நீர் பீய்ச்சும். பாட்டிலை மேலே எறியுங்கள். கையை விட்டதுமே, ஏறும்போதே, நீர் நின்றுவிடும்! பாட்டிலை ஏதோ ஒன்று இன்னும் மேலே தள்ளிக்கொண்டிருந்தால், உள்ளிருக்கும் நீர் பின்தங்கித் துளை வழியே வெளியேறும். பாட்டிலும் நீரும் ஒரே ஈர்ப்புக்குக் கட்டுப்பட்டு ஒன்றாகவே போவதால், நீரை வெளியே தள்ள ஏதுமில்லை.

துளை போடுவதைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள். திறந்த வெளியில், பாட்டில் சுழலாதபடி எறியுங்கள். துளையைப் பார்க்க ஒரு நண்பனை நிறுத்துங்கள். உங்கள் கண் பாட்டிலைப் பிடிப்பதில்தான் இருக்கும்.