24 செ.மீ. பட்டையில் பின்னம்

1/2 + 1/3 எவ்வளவு என்று ஆறாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். 2/5 என்று பளிச்சென்று ஒரு பதில் வரும். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியதன் பலன். மீ.சி.ம. எடுக்கப் பழக்கிவிட்டால் டியூஷனில் விடை சரியாகிவிடும். ஆனால் 2/5 ஏன் தப்பு என்பது பிள்ளைக்குக் கடைசிவரை தெரியாது. ஸ்லைடில் அதைக் கண்ணாலேயே காட்டிவிடலாம்.

பீட்சா படம் வேண்டாம். வட்டத் துண்டுகளில் எது எவ்வளவு பெரியது என்று ஒப்பிடுவது சிரமம். நீளப் பட்டைதான் தோது. பவர்பாயிண்டில் 24 செ.மீ. அகலத்துக்கு ஒரு சாம்பல் பட்டை வரையுங்கள். இதுதான் முழுசு. 24-ஐ 2, 3, 4, 6, 8, 12 எல்லாம் மீதியின்றி வகுக்கும் என்பதால் இந்த அளவு. மவுஸால் இழுத்துக் கண்ணளவில் சரிசெய்தால் துண்டுகள் பொருந்தாது. அகலத்தை எண்ணாகவே கொடுங்கள்.

அதற்குக் கீழே அரைக்கு 12 செ.மீ. நீலத் துண்டு, அதை ஒட்டி மூன்றில் ஒன்றுக்கு 8 செ.மீ. ஆரஞ்சுத் துண்டு. இரண்டும் சேர்ந்து 20 செ.மீ. இப்போது பிள்ளைகள் சொன்ன 2/5-ஐயும் ஒரு பட்டையாக வரைந்து கீழே வையுங்கள். அது 9.6 செ.மீ.தான், நீலத் துண்டின் நீளம்கூட இல்லை. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தபின் அரையைவிடக் குறையுமா என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.

அடுத்த ஸ்லைடில் 4 செ.மீ.க்கு ஒரு கோடு போடுங்கள். நீலம் மூன்றாகவும் ஆரஞ்சு இரண்டாகவும் பிரியும். முழுப் பட்டையில் அப்படி ஆறு துண்டு. ஆக 5/6. இந்த இடத்தில் ஐந்து துண்டுகளுக்கும் ஒரே நிறம் பூசிவிடும் ஆசை வரும். பூசாதீர்கள். 3/6 என்பது அதே பழைய அரைதான் என்று சொல்வது அந்த நீலம்தான்.

நீலமும் ஆரஞ்சும் காரணமாகத்தான். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பிள்ளைகள் உண்டு. ஜெராக்ஸ் எடுத்தால் எல்லா நிறமும் போய்விடும் என்பதால் துண்டின் மேல் பின்னத்தையும் எழுதிவிடுங்கள்.

நிறத்தால் வரும் சிக்கல் ஒன்று உண்டு. நீலம் என்றாலே அரை என்று பிள்ளை மனப்பாடம் செய்துவிடும். பெல்ஜிய ஆசிரியர் ஜார்ஜ் குசெனேரின் வண்ணக் குச்சிகளில் நிறம் நீளத்தைக் குறிக்கும், பின்னத்தை அல்ல. முழுசு எது என்று சொன்ன பிறகே பின்னம். அதேபோல் ஒரு ஸ்லைடில் முழுப் பட்டையை 12 செ.மீ.க்குக் குறைத்துவிட்டு, அதே நீலத் துண்டை வைத்து இது எவ்வளவு என்று கேளுங்கள். அரை என்று பதில் வந்தால், அந்தப் பிள்ளை நிறத்தைத்தான் படித்திருக்கிறது. ஒன்று என்று சொல்கிறவர்களுக்கு நிறமில்லாத பட்டையில் 3/4 + 1/6 கொடுக்கலாம்.