சர்வோ ஏன் நடுங்குகிறது?

அர்டுயினோ ஊனோவின் 5 வோல்ட் முனையிலிருந்தே எஸ்ஜி90 சர்வோவுக்கும் மின்சாரம் எடுத்தால், அது நடுங்குவதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த இணைப்பைத்தான். மோட்டார் கிளம்பும் கணத்தில் அரை ஆம்பியருக்கும் மேல் இழுக்கக்கூடும், யூஎஸ்பி 2.0 தருவதோ 500 மில்லிஆம்பியர். மின்னழுத்தம் சரிந்து, சில சமயம் போர்டே ரீசெட் ஆகிவிடும். தனி 5 வோல்ட் சப்ளை கொடுத்து, சர்வோவை ஒட்டி 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வையுங்கள். இரு சப்ளைகளின் கிரவுண்டையும் கட்டாயம் இணையுங்கள். இணைக்காவிட்டால் சிக்னலை அளக்கச் சர்வோவுக்குப் பொதுப் புள்ளியே இருக்காது.

அதன்பிறகும் நடுங்கினால் சிக்னலைப் பாருங்கள். சுமார் 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை வரும் துடிப்பின் அகலமே கோணத்தைத் தீர்மானிக்கிறது. `SoftwareSerial` போன்ற நூலகங்கள் இன்டரப்டை நிறுத்திவைக்கும்போது அந்த அகலம் மாறும். எஸ்ஜி90 சுமார் 10 மைக்ரோசெகண்ட் வரையிலான மாற்றத்தைப் பொருட்படுத்தாது. இந்த விலக்குதான் டெட்பேண்ட். அதைத் தாண்டினால் மோட்டார் அசையும்.

சுமையைக் கழற்றியதும் இரைச்சல் அடங்குகிறதா? அப்படியானால் சிக்னலில் குறையில்லை. டெட்பேண்டைத் தாண்டிய சிறு பிழையைத் திருத்த மோட்டார் முயல்கிறது, சுமையை அசைக்க முடியாமல் உறுமுகிறது. புரோகிராம் செய்யக்கூடிய டிஜிட்டல் சர்வோவில் டெட்பேண்டைக் கூட்டலாம். துல்லியம் சற்றுக் குறையும். எஸ்ஜி90-இல் அந்த வசதி இல்லை, சுமையைத்தான் குறைக்க வேண்டும்.