பக்கவிளைவுக்கும் ஒரு மாத்திரை

முதியவர் ஒருவர் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளைத் தொடர்ந்து சாப்பிட்டுவந்தால், அதைப் பன்மருந்துப் பயன்பாடு என்று மருத்துவ உலகம் குறிப்பிடுகிறது. எண்ணிக்கை மட்டுமே குற்றம் ஆகாது. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த, சர்க்கரை நோயும் உள்ள ஒருவருக்கு ஏழெட்டு மாத்திரைகள் நியாயமாகவே தேவைப்படலாம். எந்த மாத்திரை எதற்காக வந்தது, அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா என்பதை யாரும் திரும்பிப் பார்க்காமல் விடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

நாற்பது வயதில் ஒத்துக்கொண்ட அதே அளவு மருந்து எழுபத்தைந்தில் அதிகமாகிவிடும். வயதாக ஆகச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைகிறது; மருந்து உடலை விட்டு வெளியேற நேரமாகிறது. இரத்தப் பரிசோதனைச் சீட்டில் கிரியேட்டினின் அளவு சரியாக இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடவும் முடியாது. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. முதுமையில் தசை வற்றிப்போவதால், சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் எண் இயல்பாகவே தெரியும். அதனால்தான் வயதையும் சேர்த்துக் கணக்கிடும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற அளவை மருத்துவர்கள் பார்க்கிறார்கள். இன்னொரு பக்கம், உடலில் நீர் குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது. டயசெபாம் போன்ற தூக்க மாத்திரைகள் கொழுப்பில் தங்கி, மறுநாளும் மந்தத்தையும் தள்ளாட்டத்தையும் தரும்.

இவற்றைவிடக் கண்ணில் படாத ஆபத்து ஒன்று உண்டு. ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புதிய நோய் என்று எண்ணி அதற்கு இன்னொரு மருந்து கொடுப்பது. அதன் பக்கவிளைவுக்கு மற்றொன்று கொடுப்பது. பாலா ரோஷன், ஜெர்ரி குர்விட்ஸ் ஆகிய இரு மருத்துவர்கள் 1990களில் இதை மருந்துச்சீட்டுத் தொடர் என்ற பொருளில் பெயரிட்டு விளக்கினார்கள். இது எப்படி நீளும் என்பதை ஒரு கற்பனை நோயாளியை வைத்துப் பார்க்கலாம்.

அவர் 74 வயதுப் பெண்மணி. இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும் அம்லோடிபினும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் ஆக மூன்று மாத்திரைகள் சாப்பிடுகிறார். அழுத்தம் கட்டுப்படவில்லை என்று அம்லோடிபின் 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆகிறது. சில வாரங்களில் இரண்டு கணுக்காலும் வீங்குகின்றன. இது அம்லோடிபினுக்கு நன்கு தெரிந்த பக்கவிளைவு. அளவு கூடினால் வீக்கமும் கூடும். ஆனால் வேறொரு மருத்துவர் காலைப் பார்த்துவிட்டு, நீரை வெளியேற்றும் ஃபுரோசமைடு எழுதுகிறார். இந்த வீக்கத்துக்கு அது அவ்வளவாகக் கேட்காது. உடலில் நீர் தேங்கியதால் வந்த வீக்கம் அல்ல இது. நுண்ணிய இரத்தக்குழாய்கள் விரிந்து, நீர் திசுக்களுக்குள் கசிவதால் வருவது.

ஃபுரோசமைடு யூரிக் அமிலத்தை உயர்த்துகிறது. ஒரு நாள் கால் பெருவிரல் சிவந்து வலிக்கிறது. மருந்துக்கடையில் கேட்டு அசெக்ளோஃபெனாக் வாங்குகிறார்கள். வயிறு எரிகிறது, பான்டோபிரசோல் சேர்கிறது. இதற்குள் உடலில் நீர் குறைந்ததால் எழுந்து நின்றாலே கிறுகிறுக்கிறது. தலைசுற்றல் என்று சொன்னதும் சின்னரிசின் வருகிறது. உட்காதுக் கோளாறால் வரும் சுற்றலுக்கான மருந்து அது. நிற்கும்போது அழுத்தம் இறங்குவதை அது சரிசெய்யாது. மாதக்கணக்கில் தொடரும்போது சிலருக்குக் கை நடுக்கத்தையும் நடையில் மந்தத்தையும் உண்டாக்கும். நடுக்கத்தைப் பார்த்துப் பார்க்கின்சன் நோய் என்று லெவோடோபா தொடங்கப்படுகிறது. மூன்று மாத்திரை எட்டாகிவிட்டது. புதிதாக வந்த ஐந்தில் ஒன்றுகூட அவருடைய மூல நோய்க்கானது அல்ல.

இதில் உடனடி ஆபத்து சிறுநீரகத்துக்கு. டெல்மிசார்டன், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒன்றுசேர்வது சிறுநீரகத்தைத் திடீரென்று செயலிழக்க வைக்கக்கூடும். வாந்தி, பேதி, காய்ச்சல் என்று உடல் நீரை இழக்கும் நாட்களில் இது இன்னும் எளிதில் நடக்கும். சிறுநீர் குறைவது, குமட்டல், திடீர்க் குழப்பம் ஆகியவை அறிகுறிகள். பெரும்பாலும் வலி மாத்திரைதான் சீட்டு இல்லாமல் வீட்டுக்குள் வருகிறது என்பதால், மருத்துவருக்கு அது தெரியாமலே போய்விடுகிறது.

குடும்பத்தார் செய்யக்கூடிய முதல் வேலை, வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும் ஒரே பையில் போடுவது. தினசரி மாத்திரைகளோடு எப்போதாவது போடும் வலி மாத்திரை, தூக்க மாத்திரை, சித்த மருந்து, லேகியம், சத்து மாத்திரை, கண் சொட்டு மருந்து எல்லாமே அதில் சேர வேண்டும். கண் அழுத்தத்துக்கு விடும் டிமலால் சொட்டுகூட இரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பைக் குறைக்க வல்லது. பிறகு ஒவ்வொரு அட்டையிலும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, மருந்தின் பெயரைப் படிக்க வேண்டும். இரண்டு மருத்துவர்கள் இரண்டு கம்பெனிப் பெயர்களில் எழுதிய மாத்திரைகள் ஒரே மருந்தாக இருப்பது அரிதல்ல. டெல்மிசார்டனும் அம்லோடிபினும் கலந்த கூட்டு மாத்திரையோடு தனி அம்லோடிபினையும் சேர்த்துப் போடுபவர்கள் உண்டு. கடையில் அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தால் பெயரும் காலாவதித் தேதியும் அடுத்தவர் துண்டோடு போய்விடும். முழு அட்டையாக வாங்குவது நல்லது.

அடுத்து ஒரு தாளில் மருந்தின் பெயர், அளவு, நேரம், எதற்காக, யார் எழுதியது, எந்த மாதம் தொடங்கியது என்று எழுத வேண்டும். கடைசிக் கட்டம்தான் மிக முக்கியம். வீக்கம், மலச்சிக்கல், மறதி, விழுதல் என்று புதிய தொல்லைகள் தொடங்கிய மாதத்தையும் பக்கத்தில் குறித்தால், எந்த மருந்துக்குப் பின் எது வந்தது என்பது மருத்துவர் கண்ணில் படும். மேலே சொன்ன பெண்மணியின் தாளில் அம்லோடிபின் கூடிய மாதத்துக்கு அடுத்தே வீக்கம் நிற்கும். வீட்டில் பிரஷர் கருவி இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு முறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் ஒவ்வொரு முறை அளக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்வது அவசியம். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அதையும் எழுதிக் காட்ட வேண்டும்.

இந்தத் தாளை எல்லா மருந்துகளையும் சேர்த்துப் பார்க்கும் ஒரே மருத்துவரிடம், குடும்ப மருத்துவரிடமோ முதியோர் மருத்துவரிடமோ, கொண்டுபோக வேண்டும். அந்தப் பெண்மணியை அவர் பார்த்தால், வீக்கத்துக்கு இதயமோ சிறுநீரகமோ காரணமில்லை என்று முதலில் உறுதிசெய்வார். வலி மாத்திரையும் சின்னரிசினும் முதலில் நிற்கும். அம்லோடிபின் 5க்கு இறங்கும், அல்லது மாற்றப்படும். வீக்கம் வடிந்தபின் ஃபுரோசமைடுக்கு வேலை இருக்காது, பான்டோபிரசோலுக்கும் அப்படியே. நடுக்கம் அடங்கச் சில மாதங்கள் ஆகலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தமாட்டார்கள். அப்படி நிறுத்தினால் எந்த மாற்றம் எதனால் வந்தது என்று தெரியாது.

பட்டியலைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே மாத்திரையைக் குறைப்பது பன்மருந்தைவிட ஆபத்தானது. மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்றவற்றைச் சட்டென்று விட்டால் நெஞ்சுவலியும் படபடப்பும் வரலாம். நெடுநாள் போட்ட ஆல்பிரசோலாம், குளோனசெபாம் திடீரென நின்றால் வலிப்புகூட வரலாம். பிரெட்னிசோலோன், லெவோடோபா, வலிப்பு மாத்திரைகள் ஆகியவற்றையும் படிப்படியாகத்தான் குறைக்க முடியும். ஸ்டென்ட் வைத்தவர்களின் இரத்தம் உறையாத மாத்திரையை இதய மருத்துவரைக் கேட்காமல் ஒருவேளைகூட விடக்கூடாது.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாள்தான் தவறுகள் அதிகம் நடக்கும் நாள். டிஸ்சார்ஜ் சீட்டில் புதிய மருந்துகள் இருக்கும், பழைய டப்பா வீட்டிலேயே இருக்கும், இரண்டும் சேர்ந்து உள்ளே போகும். எனவே கிளம்புவதற்கு முன், பழைய மருந்துகளில் எவை தொடர வேண்டும், எவை நின்றுவிட்டன என்று வார்டிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.